தலைப்படையும் மருந்தின் அளவும்

சிறுவர் தலையில் முடி ஒடிந்து, செதிலுடன் வட்டமாகச் சொட்டை விழுவது பூஞ்சைக் காளானால் வரும் படையாகும். காளான் மயிரினுள்ளேயே புகுந்துவிடுவதால் களிம்பு தடவுவதால் மட்டும் தீராது. மருத்துவர் தரும் மாத்திரையை உட்கொள்ளவேண்டும்.

அதன் அளவைக் குழந்தையின் எடையே தீர்மானிக்கிறது. 25 கிலோ எடையுள்ள சிறுமி ஒருத்தியைக் கொள்வோம். கிரிசியோபுல்வின் ஆயின், கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு 500 மில்லிகிராம். அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. பாலுடனோ கொழுப்புள்ள உணவுடனோ தந்தால்தான் அது உடலில் நன்கு சேரும். இவ்வாறு 6 முதல் 8 வாரம் தரவேண்டும். டெர்பினாபின் ஆயின், 20 முதல் 40 கிலோ வரை நாளுக்கு 125 மில்லிகிராம். 250 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. பெரும்பாலும் 4 வாரம் போதும். பூனை, நாயிடமிருந்து தொற்றிய படைக்கு முன்னதே ஏற்றது.

செதில் மறைந்ததும் இடையில் நிறுத்தினால் காளான் எஞ்சி, நோய் திரும்பும்.

இவ்விரண்டும் அரிதாகக் கல்லீரலைத் தாக்கக்கூடும். முன்பு காமாலை கண்ட குழந்தையாயின் மருத்துவரிடம் முதலிலேயே கூறுக. அவர் இரத்தத்தைச் சோதித்து முடிவு செய்வார். மருந்துண்ணும் காலத்தில் பசியின்மை, ஓயாத வாந்தி, கருத்த சிறுநீர், கண் மஞ்சளித்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும், அன்றே மருந்தை நிறுத்திக் குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.