ஊரில் கடை, பீடோங்கில் முதலாளி: வரித் தணிக்கை வேண்டுமா?

பீடோங்கில் தனி ஆளாக மளிகைக் கடை நடத்துபவரிடம், விற்பனை இத்தனை வெள்ளியைத் தாண்டியது, ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கி வா என்று வரிச் சட்டம் கேட்பதில்லை. பில்களை ஏழு ஆண்டு பத்திரமாக வைத்திருந்தால் போதும். அதே ஆள் பெயரில் தமிழ்நாட்டிலும் ஒரு கடை இருந்தால் அங்கே கதை வேறு. இந்திய வருமான வரிச் சட்டத்தின் 44ஏபி பிரிவு விற்பனையையும் ரொக்கத்தையும் அளந்து பார்க்கும்.

ஓர் உதாரணக் கணக்கு. அப்பா காலத்து ஹார்டுவேர் கடை, சிவகங்கைப் பக்கம். உரிமம் பீடோங்கில் இருக்கும் அண்ணன் பெயரில். கல்லாவில் உட்காருபவர் தம்பி. அண்ணன் வருடத்துக்கு இரண்டு வாரம்தான் ஊருக்கு வருகிறார். பார்க்கப் போவது 2025-26 நிதியாண்டு.

முதலில் விற்றுமுதல். பில்களின் கூட்டுத்தொகை 2 கோடியே 18 லட்சம் ரூபாய். ஜிஎஸ்டியைத் தனிக் கணக்கில் எழுதியிருப்பதால் அந்த 34 லட்சத்தைக் கழித்துவிடலாம். மிச்சம் 1 கோடியே 84 லட்சம். கடனுக்கு விற்றதும் இதில் சேரும். பழைய வேனை விற்ற 2 லட்சம் சேராது, அது சரக்கு அல்ல.

ஒரு கோடிக்குள் இருந்திருந்தால் வேலை இங்கேயே முடிந்திருக்கும். தாண்டிவிட்டதால் அடுத்த கேள்வி: வந்த பணத்தில் ரொக்கம் 5 சதவீதத்துக்குள்ளா, கொடுத்த பணத்தில் ரொக்கம் 5 சதவீதத்துக்குள்ளா? இரண்டுக்கும் ஆம் என்றால் வரம்பு ஒரு கோடியிலிருந்து 10 கோடிக்கு உயரும். ஒன்றில் தவறினாலும் ஒரு கோடிதான்.

வரவைப் பார்ப்போம். இங்கே விற்பனைப் பணம் மட்டுமல்ல, வந்த எல்லாப் பணமும் கணக்கு. வாடிக்கையாளர்களிடம் ஜிஎஸ்டியோடு வசூலானது 2 கோடியே 4 லட்சம், வேன் 2 லட்சம், அண்ணன் வங்கி வழியாக அனுப்பிய முதல் 6 லட்சம். மொத்தம் 2 கோடியே 12 லட்சம். அதில் 5 சதவீதம் 10 லட்சத்து 60 ஆயிரம்.

டேலியில் ரொக்க வரவு 31 லட்சம் என்று நிற்கிறது. பார்த்ததும் பயம் வரும். பதறாமல் ஒரு நாளின் பதிவைத் திறந்து பாருங்கள். கல்லாக்காரர் அன்றைய விற்பனை முழுவதையும் ‘ரொக்க விற்பனை’ என்று ஒரே வரியில் போட்டுவிட்டு, யுபிஐயில் வந்ததை மறுநாள் ‘வங்கியில் கட்டியது’ என்று எழுதியிருப்பார். வங்கி அறிக்கையில் அது யுபிஐ வரவாகவே இருக்கும். நோட்டு கட்டியதாக இருக்காது. இப்படி நாள்தோறும் ஒப்பிட்டுப் பிரித்ததில் 21 லட்சத்து 50 ஆயிரம் யுபிஐ. உண்மையான ரொக்கம் 9 லட்சத்து 50 ஆயிரம், அதாவது 4.5 சதவீதம். வரவில் தப்பித்தாயிற்று.

பெரும்பாலானோர் இதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மாட்டுவது செலவுப் பக்கம்தான். மொத்தம் கொடுத்தது 2 கோடி. 5 சதவீதம் என்றால் 10 லட்சம். ரொக்கமாகப் போனது: இறக்குகூலி 4.2 லட்சம், லாரி வாடகை 3.9 லட்சம், டீச்செலவு மாதிரிச் சில்லறை 1.1 லட்சம். கூட்டினால் 9.2 லட்சம். ஆனால் வீட்டுச் செலவுக்கென்று கல்லாவிலிருந்து எடுத்த 2.4 லட்சம் இருக்கிறதே? அது கடைச் செலவில்லை என்று தம்பி வாதிடுவார். சட்டம் ‘செலவு’ என்று நிறுத்தாமல், செலவு உட்பட எல்லாப் பணக் கொடுப்பையும் சொல்கிறது. அதனால் நான் சேர்த்துத்தான் பார்ப்பேன். 11.6 லட்சம், 5.8 சதவீதம். தணிக்கை வேண்டும்.

வங்கியில் கட்டியதும் எடுத்ததும் நம் பணம் இடம் மாறியதுதான். இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டாம். ஆனால் ‘அக்கவுண்ட் பேயி’ என்று குறுக்குக்கோடு போடாத காசோலை, இந்தச் சோதனையில் ரொக்கமாகவே எண்ணப்படும்.

பக்கத்துக் கடைக்காரர், “நான் 44ஏடியில் ஆறு, எட்டு சதவீதம் லாபம் காட்டிவிடுவேன், எனக்கு ஆடிட் கிடையாது” என்பார். 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை, அந்த வழி உண்டு. இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். கடை தம்பி பெயரில் இருந்திருந்தால் இதே கணக்கு தணிக்கையில்லாமல் முடிந்திருக்கும். பீடோங் அண்ணனுக்கு அந்தக் கதவு திறக்காது.

அறிக்கைக்குச் சட்டம் வைத்திருக்கும் நாள் 2026 செப்டம்பர் 30. தவறினால் விற்றுமுதலில் அரை சதவீதம், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் வரை அபராதம் வரலாம்; இந்தக் கடைக்கு 92 ஆயிரம். ஆடிட்டர் ஏற்றிய அறிக்கையை அண்ணன் தன் வரிக்கணக்கில் நுழைந்து ஏற்க வேண்டும். அதற்கான ஓடிபி ஊரில் தம்பி கையிலிருக்கும் பழைய சிம்முக்குப் போகிறதா என்பதை ஆகஸ்ட்டிலேயே பார்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டுக்கு லாரி வாடகையை மட்டும் வங்கி வழியாகக் கொடுக்கச் சொன்னால் போதும், ரொக்கம் 7.7 லட்சத்துக்கு இறங்கிவிடும்.