டிரிம்மர் பெட்டியில் எழுதியிருப்பதும் நம் காதில் விழுவதும்

"வாட்டர்ப்ரூஃப் சார், பக்கெட்ல முக்கி எடுக்கலாம், ஒண்ணும் ஆகாது." மைசூரு தேவராஜ அர்ஸ் சாலையில் டிரிம்மர் கேட்டுப் போனால், நாம் தமிழ் பேசுவதைக் கண்டதும் தமிழுக்கு மாறிக்கொள்ளும் கடைக்காரர் முதலில் சொல்வது இதுதான். பெட்டியும் அவருக்குச் சாட்சி சொல்லும்: IPX7, டைட்டானியம் பிளேடு, 90 நிமிடம், 20 இன் 1. நான்கில் எதுவும் பச்சைப் பொய் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் சொல்வது ஒன்று, நாம் கேட்டுக்கொள்வது இன்னொன்று.

நம்பிக்கை: IPX7 என்றால் எந்தத் தண்ணீருக்கும் பயமில்லை

அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம். அந்தக் குறியீட்டில் X என்ற எழுத்து, தூசி விஷயத்தில் எந்த உறுதியும் சொல்லப்படவில்லை என்பதற்கான அடையாளம். அடுத்து வரும் எண்தான் தண்ணீருக்கானது. 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாய்ப் பீச்சலைத் தாங்கும்: 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம், குறைந்தது மூன்று நிமிடம் பீய்ச்சிச் சோதிப்பார்கள். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தும் உள்ளே கெடுதல் செய்யும் அளவுக்குத் தண்ணீர் போகக்கூடாது.

இங்கேதான் கணக்கு பிசகுகிறது. ஏழு ஐந்தைவிடப் பெரியது, எனவே ஏழில் ஐந்தும் அடக்கம் என்று யாரும் நினைப்பார்கள். அப்படியில்லை. 6 வரை மேலுள்ள எண் கீழுள்ளதை உள்ளடக்கும். 7 தனி வகை. மூழ்கும்போது தண்ணீர் நாலாபுறமும் சமமாக அழுத்துகிறது. குழாயடியில் ஒரே இடத்தில் குத்துகிறது. இரண்டையும் தாங்கும் பொருளில் IPX5/IPX7 என்று இரண்டு குறிகளையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

சோதனைத் தொட்டியில் இருப்பது சாதாரணத் தண்ணீர். அதன் வெப்பத்துக்கும் கருவியின் வெப்பத்துக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது விதி. நம் குளியலறையில் நடப்பதோ வேறு. மார்கழிக் காலையில் மைசூரு வீட்டில் கீசர் வெந்நீர் பக்கெட்டுக்குள் டிரிம்மரை விட்டால், உடம்புக்குள் அடைபட்ட காற்று விரிந்து ரப்பர் வளையத்தின் வழியே கொஞ்சம் வெளியேறும். பிறகு அது ஆறும்போது காற்று சுருங்கி, போன வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். சோப்பு கலந்திருந்தால் இன்னும் மோசம். சோப்புத் தண்ணீர் நுழையும் இடுக்கில் வெறும் தண்ணீர் நுழையாது. அந்த வளையத்தில் ஒரே ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் IPX7 அத்தோடு சரி. சோதித்தது புத்தம்புதுக் கருவியை. மூன்று வருடம் ஓடிய வளையத்தை அல்ல.

உள்ளே ஈரம் போய்விட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? டிஸ்ப்ளே உள்ளதென்றால் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்ததுபோல் மங்கும். பட்டன் ஒட்டிக்கொண்டு தாமதமாக மீளும். சார்ஜ் துளையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்திருக்கும். அந்த நிலையில் சார்ஜில் போடவே கூடாது.

எவ்வளவு நனைக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள எளிய வழி, கருவியின் அடியில் உள்ள சின்னப் படங்களைப் பார்ப்பது. குழாய்ப் படம் மட்டும் இருந்தால் கழுவலாம் என்று பொருள். தொட்டியோ ஷவரோ வரைந்திருந்தால்தான் குளிக்கும்போது பயன்படுத்தலாம். "வாஷபிள் ஹெட்" என்று மட்டும் எழுதியிருந்தால் தலையைக் கழற்றிக் கழுவுங்கள், கைப்பிடியை நனைக்காதீர்கள்.

கழுவிய பிறகு ஒரு வேலை உண்டு. போர்வெல் தண்ணீர் வரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அப்படியே காயவிட்டால் பற்களுக்கு நடுவே வெள்ளையாக உப்பு படியும். உதறித் துடைத்து, காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். "செல்ஃப் ஷார்ப்பனிங், எண்ணெய் வேண்டாம்" என்று எழுதியிருந்தாலும் ஈரம் பட்ட எஃகுக்கு எண்ணெய் நல்லதுதான்.

நம்பிக்கை: டைட்டானியம் பிளேடு எஃகைவிட உறுதி

அந்த பிளேடே எஃகுதான். தங்க நிறத்தில் மின்னுவது டைட்டானியம் நைட்ரைடு பூச்சு, சில மைக்ரான் கனம். வெறும் டைட்டானியத்தில் பிளேடு செய்தால் பதப்படுத்திய எஃகைவிட மென்மையாக இருந்து சீக்கிரம் மழுங்கும். கடினமானது அந்தப் பூச்சு. உராய்வில் தேய்மானத்தைக் குறைக்கும். ஆனால் அடியில் உள்ள எஃகு மட்டமானது என்றால் அதைப் பூச்சு காப்பாற்றாது. முடி இவ்வளவு மெல்லியது, எஃகை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். 2020இல் எம்ஐடி ஆய்வாளர்கள் சவர பிளேடை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி, சில கோணங்களில் வளைந்து, விளிம்பில் சில்லு பெயர்த்ததைக் கண்டார்கள். எஃகின் உள்கட்டமைப்பு எங்கே ஒரே சீராக இல்லையோ அங்கேதான் சில்லு பெயர்ந்தது. செராமிக் பிளேடு சூடேறாது என்பது ஓரளவு உண்மை. கைதவறித் தரையில் விழுந்தால் பல் உடையும் என்பது முழு உண்மை.

டிரிம்மர் முடியைப் பிடித்து இழுத்தால் உடனே பிளேடைக் குறை சொல்லாதீர்கள். சத்தம் மந்தமாக இருந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. சத்தம் சரியாக இருந்தும் இழுத்தால், பற்களுக்கிடையே முடி அடைத்திருக்கிறது, அல்லது கழற்றி மாட்டியதில் பிளேடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால்தான் மழுங்கல்.

நம்பிக்கை: 90 நிமிடம் என்றால் 90 நிமிடம்

பெட்டியில் "வரை" என்ற பொருளில் ஒரு சொல் பொடி எழுத்தில் இருக்கும். காற்றில் சும்மா ஓடும்போது கிடைக்கும் நேரம் அது. அடர்ந்த தாடியில் ஓடும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், நேரம் குறையும். மில்லி ஆம்பியர் மணியை மட்டும் ஒப்பிடுவதும் தவறு. 600 என்று எழுதிய நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், அதே 600 எழுதிய லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட். பெருக்கிப் பாருங்கள்: முன்னதில் 0.72 வாட் மணி, பின்னதில் சுமார் 2.2. ஏறக்குறைய மூன்று மடங்கு. "8 மணி நேரம் சார்ஜ், 45 நிமிடம் ஓட்டம்" என்று பார்த்தால் அனேகமாக நிக்கல் வகை.

முழுதாக இறங்கிய பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். லித்தியத்தை அப்படி வற்ற விட்டால் அதன் ஆயுள்தான் குறையும்.

நம்பிக்கை: 20 இன் 1 என்றால் இருபது கருவி

நான் பிரித்து எண்ணிய ஒரு பெட்டியில் உருப்படியான தலைகள் நான்கு: தாடி பிளேடு, மூக்குமுடி வெட்டி, சின்ன பிளேடு, ஃபாயில் ஷேவர். சீப்புகள் பத்து. மீதி ஆறு? பிரஷ், எண்ணெய்க் குப்பி, கேபிள், பை, பிளேடு மூடி, கையேடு. கையேட்டையும் எண்ணியது கொஞ்சம் துணிச்சல்தான். "20 லெங்த் செட்டிங்" என்பது வேறு சங்கதி: ஒரே சீப்பு 0.5 முதல் 10 மில்லிமீட்டர் வரை அரை அரையாக நகரும்.

அந்த ஆறில் அடாப்டர் இல்லை. பழைய 5 வோல்ட் போன் சார்ஜரே போதும். டைப்-சி துளை இருக்கிறதே என்று இரு முனையும் டைப்-சியான கேபிளைச் செருகினால் சில டிரிம்மர்களில் சார்ஜ் ஏறாது. பொருள் பழுது என்று கடைக்கு எடுத்துப்போவார்கள். சார்ஜருக்கு அடையாளம் காட்டும் இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைச் செலவு மிச்சம் என்று போடாமல் விட்டிருப்பார்கள். கூடவே வந்த, ஒரு முனை அகலமான பழைய யுஎஸ்பி கேபிளில் போட்டால் விளக்கு எரியும்.