காய்கறிக் கடையின் ஒருநாள் லாபம்: கழிவையும் மிச்சத்தையும் எப்படிக் கணக்கிடுவது?

மாணவர்களே, ஒரு கிலோ தக்காளியை 3 வெள்ளி 50 காசுக்கு வாங்கி 5 வெள்ளி 50 காசுக்கு விற்றால் லாபம் எவ்வளவு என்று கேட்டால், "2 வெள்ளி" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். பாடநூல் கணக்கில் அது சரியான விடை. ஆனால் இரவுச் சந்தையில் காய்கறி விற்பவருக்கு அந்த 2 வெள்ளி அப்படியே கிடைப்பதில்லை. வாங்கிய தக்காளி முழுவதும் நல்லதாகக் கடைக்கு வந்து சேராது. வந்து சேர்ந்தது முழுவதும் விற்காது. இந்த இரண்டையும் சேர்த்து ஒருநாள் லாபத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வாரப் பாடம்.

ராசா பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். ரவாங், பத்தாங்காலி வழியாகக் கோலகுபு பாருவுக்குச் செல்லும் பழைய சாலையில் இருக்கும் சிறிய ஊர் அது. சுற்றிலும் தோட்டங்கள். இங்கே கடை போடும் காய்கறி வியாபாரி ஒருவர் செலாயாங் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் சரக்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் மேசை போட்டு விற்கிறார். கீழே வரும் விலைகள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. சந்தை விலை நாளுக்கு நாள் மாறும், கணக்கு முறை மாறாது.

அன்று அவர் வாங்கியது மூன்றே பொருள்கள். கீரை 60 கட்டு, கட்டு 1 வெள்ளி 20 காசு வீதம் 72 வெள்ளி. தக்காளி 20 கிலோ, கிலோ 3 வெள்ளி 50 காசு வீதம் 70 வெள்ளி. வெங்காயம் 20 கிலோ, கிலோ 3 வெள்ளி வீதம் 60 வெள்ளி. மொத்தக் கொள்முதல் 202 வெள்ளி. வேனுக்கு எண்ணெய், கடை இடத்துக்குக் கட்டணம், பிளாஸ்டிக் பை எல்லாம் சேர்ந்து 40 வெள்ளி.

விற்கும் விலை கீரை 2 வெள்ளி, தக்காளி 5 வெள்ளி 50 காசு, வெங்காயம் 4 வெள்ளி 50 காசு. எல்லாமே விற்றுப்போனால் 320 வெள்ளி கிடைக்கும். அதில் 242 வெள்ளியைக் கழித்தால் 78 வெள்ளி லாபம். காலையில் அவர் மனத்தில் இருந்த கணக்கு இதுதான். இரவு என்ன ஆனது என்று பார்ப்போம்.

ஒரே வெயில், மூன்று விதக் கழிவு

பறித்த பிறகும் கீரை உயிரோடுதான் இருக்கிறது. அதன் இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேர் இல்லாததால் இழந்த நீர் திரும்பி வராது. இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால் நீரிழப்பும் வேகமாக நடக்கிறது. அதனால்தான் கீரை முதலில் வாடுகிறது. அது சுவாசித்துக்கொண்டும் இருக்கிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகும். சுவாசிக்கும்போது வெப்பம் வெளியாகும். நெருக்கமாக அடுக்கிய கட்டுகளுக்கு நடுவே கையை விட்டுப் பாருங்கள், கதகதப்பாக இருக்கும். அடுக்கின் நடுவில் இருக்கும் கீரை முதலில் மஞ்சளாவது இதனால்தான்.

தக்காளியின் தோல் நீரைப் பெரும்பாலும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். அதற்கு எதிரி பாரமும் குலுக்கலும்தான். பெட்டியின் அடியில் நசுங்கிய பழம் ஒழுகினால் பக்கத்தில் உள்ளதும் கெடும். வெங்காயம் காய்ந்த தோலுக்குள் உறங்கும் பொருள். ஈரம் படாமல் காற்றோட்டமாக வைத்தால் பல நாள் தாங்கும்.

அன்றிரவு நிலைமை இப்படி. கீரையில் 6 கட்டு விற்பதற்கு முன்பே வாடி அழுகிவிட்டது. 44 கட்டு முழு விலைக்கு விற்றது. கடை கட்டும் நேரத்தில் 6 கட்டு 1 வெள்ளிக்குப் போனது. 4 கட்டு மிஞ்சியது. தக்காளியில் 2 கிலோ நசுங்கியது, 15 கிலோ விற்றது, 3 கிலோ மிஞ்சியது. வெங்காயத்தில் அரைக் கிலோ அழுகல், 12 கிலோ விற்றது, ஏழரைக் கிலோ மிஞ்சியது.

விற்பனைப் பணத்தைக் கூட்டுங்கள். கீரை 94 வெள்ளி, தக்காளி 82 வெள்ளி 50 காசு, வெங்காயம் 54 வெள்ளி. மொத்தம் 230 வெள்ளி 50 காசு. செலவழித்ததோ 242 வெள்ளி. பணப்பையில் 11 வெள்ளி 50 காசு குறைகிறது. அப்படியானால் அவருக்கு நட்டமா?

மிச்சத்துக்கு என்ன மதிப்பு?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விற்காத சரக்கும் கெட்ட சரக்கும் ஒன்றல்ல. கெட்டது குப்பைக்குப் போய்விட்டது. விற்காதது நாளை பணமாகும். ஆகவே மிஞ்சிய சரக்குக்கு ஒரு மதிப்புப் போட வேண்டும்.

அதற்கு விதி எளிது. வாங்கிய விலை, நாளைக்கு உண்மையில் கிடைக்கக்கூடிய விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் நாளையும் 4 வெள்ளி 50 காசுக்கு விற்கும். ஆனாலும் அதை வாங்கிய விலையான 3 வெள்ளியாகவே போடுகிறோம், ஏனென்றால் இன்னும் விற்காத பொருளில் லாபம் கணக்கிடக் கூடாது. ஏழரைக் கிலோவுக்கு 22 வெள்ளி 50 காசு. தக்காளி நாளை கனிந்து தளர்ந்திருக்கும், 3 வெள்ளிக்கு மேல் யாரும் கொடுக்க மாட்டார்கள். அது வாங்கிய விலையைவிடக் குறைவு. எனவே 3 கிலோவுக்கு 9 வெள்ளி. மிஞ்சிய 4 கட்டுக் கீரையை நாளை யாரும் தொட மாட்டார்கள், அதன் மதிப்பு பூச்சியம். ஆக மிச்சத்தின் மதிப்பு 31 வெள்ளி 50 காசு.

லாபம் = விற்பனை + மிச்சத்தின் மதிப்பு − கொள்முதல் − செலவு

230.50 + 31.50 − 202 − 40 = 20

பணப்பையில் 11 வெள்ளி 50 காசு குறைந்தபோதும் அன்றைய லாபம் 20 வெள்ளி. காலையில் நினைத்த 78 வெள்ளியில் 58 வெள்ளி வரவில்லை. அதில் கீரையின் பங்கு 26 வெள்ளி, தக்காளியின் பங்கு 18 வெள்ளி 50 காசு, வெங்காயத்தின் பங்கு 13 வெள்ளி 50 காசு. வெங்காயத்தில் வராததில் பெரும்பகுதி நாளைக்குத் தள்ளிப்போனது மட்டுமே. கீரையில் வராதது திரும்பி வரவே வராது.

20 வெள்ளி என்பது அவருடைய கூலியையும் சேர்த்துத்தான் என்பதை மறக்காதீர்கள். 2025-இல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 வேலை நாள்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 வெள்ளி வருகிறது. விடியற்காலையில் சந்தைக்குப் போய் இரவில் கடை கட்டும் ஒருவர் 20 வெள்ளி லாபத்தோடு வீடு திரும்புகிறார்.

எத்தனை கட்டு வாங்கலாம்?

கீரையில்தான் ஓட்டை பெரியது என்று தெரிந்துவிட்டது. அதை எப்படி அடைப்பது? முதலில் கீரையின் உண்மையான விலையைக் கண்டுபிடியுங்கள். 72 வெள்ளி கொடுத்து அவர் பெற்ற நல்ல கட்டுகள் 54 தான். 72-ஐ 54-ஆல் வகுத்தால் ஒரு நல்ல கட்டின் அடக்க விலை 1 வெள்ளி 33 காசு. கெட்ட 6 கட்டின் பாரத்தையும் நல்ல கட்டுகள் சுமக்கின்றன.

இனி, கடைசியாக வாங்கும் ஒரு கட்டை மட்டும் நினைத்துப் பாருங்கள். அது விற்றால் 67 காசு லாபம். விற்காவிட்டால் 1 வெள்ளி 33 காசு நட்டம். நட்டம் லாபத்தைப்போல் இரண்டு மடங்கு. எனவே அந்தக் கட்டு மூன்று நாளில் இரண்டு நாளாவது விற்க வேண்டும். அதற்குக் குறைவாக விற்றால் அதை வாங்காமல் இருப்பதே மேல்.

வியாபாரி பத்து நாளாக முழு விலைக்கு விற்ற கட்டுகளைக் குறித்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம்: 38, 41, 44, 45, 46, 48, 50, 52, 55, 60. இவற்றில் 45 அல்லது அதற்கு மேல் விற்ற நாள்கள் ஏழு. 46 அல்லது அதற்கு மேல் விற்ற நாள்கள் ஆறு. மூன்றில் இரண்டு என்ற அளவைக் கடைசியாகத் தாண்டுவது 45. பத்தில் ஒரு பங்கு கெடும் என்பதால், 45 நல்ல கட்டு வேண்டுமானால் 50 கட்டு வாங்க வேண்டும். அன்று 60-க்குப் பதில் 50 வாங்கியிருந்தால் கீரையில் கிடைத்திருக்கும் லாபம் 22 வெள்ளி அல்ல, 29 வெள்ளி. குறைவாக வாங்கி 7 வெள்ளி கூடுதல்!

இந்த முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. கீரை ஏழு மணிக்கே தீர்ந்துபோன நாளில், இன்னும் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்பது குறிப்பேட்டில் இராது. ஆகவே தீர்ந்த நேரத்தையும் எழுத வேண்டும். அடுத்து, கடைசி நேரத்தில் விலையைக் குறைத்தால் நட்டம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் தினமும் குறைத்தால் வாடிக்கையாளர்கள் அந்த நேரம்வரை காத்திருக்கப் பழகிவிடுவார்கள், முழு விலைக்கு விற்பது குறைந்துவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

மறுநாள் அவர் கீரை மட்டும் 50 கட்டு, 60 வெள்ளிக்கு வாங்குகிறார். மற்றச் செலவு அதே 40 வெள்ளி. கீரை 44 கட்டு முழு விலைக்கும் 1 கட்டு 1 வெள்ளிக்கும் விற்கிறது. முந்தைய நாள் தக்காளியில் இரண்டரைக் கிலோ 3 வெள்ளி வீதம் விற்கிறது, அரைக் கிலோ கெடுகிறது. வெங்காயம் ஆறரைக் கிலோ 4 வெள்ளி 50 காசு வீதம் விற்கிறது, 1 கிலோ நல்லதாக மிஞ்சுகிறது. லாபம் எவ்வளவு?

ஒரு குறிப்பு: நேற்றைய மிச்சமான 31 வெள்ளி 50 காசு இன்றைய கொள்முதலோடு சேர வேண்டும். நேற்று அதை லாபத்தில் கூட்டிவிட்டோம், இன்று கழிக்காவிட்டால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

விடை: விற்பனை 125 வெள்ளி 75 காசு. மிச்சம் 3 வெள்ளி. கழிக்க வேண்டியது 31.50 + 60 + 40 = 131 வெள்ளி 50 காசு. ஆக 2 வெள்ளி 75 காசு நட்டம். ஆனால் பணப்பையில் 25 வெள்ளி 75 காசு கூடியிருக்கிறது! முதல் நாள் பணம் குறைந்தது, லாபம் வந்தது. இரண்டாம் நாள் பணம் கூடியது, நட்டம் வந்தது. பழைய சரக்கு பணமாக மாறியதை லாபம் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். இரண்டாம் நாள் நட்டத்துக்குக் காரணம் கீரையும் அல்ல. 40 வெள்ளிச் செலவைத் தாங்கும் அளவுக்கு மேசையில் வேறு சரக்கு இல்லாததுதான் காரணம்.