முதலில் டெஸ்ட் மோடில் ஓடட்டும்

கேள்வி: பாபநாசத்தில் அரிசி ஆலை நடத்துகிறோம். சீரகச் சம்பாவை இணையத்தில் விற்கிறோம். ரேசர்பேயில் பணம் வந்ததும் வாட்ஸப்பில் ரசீது போய், இருப்பில் மூட்டை தானாகக் குறையும்படி மகன் அமைத்திருக்கிறான். அப்படியே தொடங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். டெஸ்ட் மோடுக்கு மாறி, `rzp_test_` என்று தொடங்கும் சாவியைப் போடச் சொல்லுங்கள். இருப்புப் பட்டியலையும் நகலெடுத்து, சோதனையை அந்த நகலில் நடத்துங்கள். ரசீது போகும் இடத்தில் வாடிக்கையாளர் எண்களுக்குப் பதில் வீட்டாரின் வாட்ஸப் எண்களை இடுங்கள். இதைத்தான் பலர் மறப்பார்கள்; பணம் பொய்யாக இருக்க, ரசீது மட்டும் நிஜமாகவே ஊருக்குப் போய்விடும்.

`success@razorpay` என்ற யுபிஐ முகவரியில் ஒரு மூட்டைக்கு ஆர்டர், `failure@razorpay` முகவரியில் இன்னொன்று போடுங்கள். நகலில் பத்து மூட்டை இருந்தால் ஒன்பது மிஞ்ச வேண்டும்.

அடுத்து, உங்கள் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் ரேசர்பே பணம் வந்த தகவலை மறுபடி அனுப்பும். அதனால் அதே வெப்ஹூக் தகவலை நீங்களே இன்னொரு முறை அனுப்பிப் பாருங்கள். இருப்பு எட்டாக இறங்கினால் கோளாறு. தகவலோடு வரும் `x-razorpay-event-id` எண்ணைக் குறித்துவைத்து, திரும்ப வந்தால் ஒதுக்கும்படி மகன் திருத்தட்டும்.

லைவுக்கு மாறும்போது சாவியோடு வெப்ஹூக்கையும் அங்கே தனியாகப் பதிய வேண்டும். விட்டுவிட்டால் பணம் வரும், மூட்டை குறையாது. முதல் ஆர்டரை, ஒரு கிலோ பை போதும், நீங்களே போடுங்கள்.