தணிக்கையாளரின் கேள்விக்குப் பதில் எழுதுவோம்: பொருந்தாத ஒரு தொகையை வைத்து ஒரு பாடம்



நம் மஹல்லாவில் பள்ளிவாசல், மதரஸா, கல்வி உதவிக் குழு என்று ஏதேனும் ஒன்றின் கணக்கை எழுதுபவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். ஆண்டுக் கணக்கு தணிக்கைக்குப் போனதும் அவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுண்டு: "வங்கியில் இந்தத் தொகை போயிருக்கிறது, புத்தகத்தில் இதே தொகை இல்லையே, ஏன்?" இந்தக் கேள்விக்கான பதிலை எப்படித் திருத்தமாக எழுதுவது என்பதை ஓர் உதாரணக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

கேள்வி என்ன?

மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகமும் பையும் வழங்கிய ஒரு குழுவுக்குத் தணிக்கையாளர் அனுப்பிய கடிதத்தில் 7-வது கேள்வி இது: "14.06.2024 அன்று வங்கிக் கணக்கிலிருந்து ரூ.46,200 ஒரு தனிநபர் பெயருக்கு நெஃப்ட் மூலம் சென்றுள்ளது. ரொக்கப் புத்தகத்தில் இத்தொகைக்குப் பதிவு இல்லை. விளக்கவும்."

கணக்கு எழுதியவர் முதலில் தயாரித்த பதில்: "இது பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் வாங்கிய பணம். எல்லாம் முறைப்படி நடந்துள்ளது. பில்கள் இணைத்துள்ளோம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இது பதிலாகாது. எதற்காகச் செலவு செய்தீர்கள் என்று தணிக்கையாளர் கேட்கவில்லை, தொகை ஏன் பொருந்தவில்லை என்றுதான் கேட்டார். இணைத்த இரண்டு பில்களைக் கூட்டினால் ரூ.47,400 வருகிறது. வங்கியில் போனதோ ரூ.46,200. ஒரு கேள்வி இருந்த இடத்தில் இப்போது இரண்டாகிவிட்டது. பணம் போனது தனிநபர் பெயருக்கு, பில் இருப்பது கடையின் பெயரில். அதற்கும் பதில் இல்லை.

முதலில் தொகையைப் பொருத்துவோம்

பேனாவை எடுக்கும் முன் காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்க வேண்டும். அடுக்கிப் பார்த்தால் நடந்தது விளங்குகிறது.

05.06.2024 அன்று நோட்டுப் புத்தகங்கள் வாங்கப்பட்டன: 84 செட், செட் ரூ.350 வீதம் ரூ.29,400. 08.06.2024 அன்று அதே கடையில் பைகள் வாங்கப்பட்டன. கடையில் பத்துப் பத்தாகத்தான் கொடுத்தார்கள் என்பதால் 90 பைகள், பை ரூ.200 வீதம் ரூ.18,000. 11.06.2024 அன்று 84 மாணவர்களுக்கு வழங்கிக் கையொப்பம் வாங்கப்பட்டது. மிஞ்சிய 6 பைகள் மறுநாள் கடைக்குத் திரும்பின. கடைக்காரர் ரூ.1,200-க்கு கிரெடிட் நோட் கொடுத்தார். 14-ஆம் தேதி, இரண்டு பில்களின் கூட்டுத் தொகையில் அந்த ரூ.1,200-ஐக் கழித்துக்கொண்டு, மீதி ரூ.46,200 ஒரே தவணையாக அனுப்பப்பட்டது.

கணக்கு எழுதியவரோ பில் வந்த அன்றே, வங்கியில் செலுத்தியதாக இரண்டு தனித்தனிப் பதிவுகள் போட்டுவிட்டார். திருப்பிய பைகளுக்குப் பதிவே இல்லை. பொருந்தாமல் போனதன் காரணம் இதுதான்.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். ஒரு மாணவருக்கு நோட்டு 350, பை 200, ஆக 550 ரூபாய். 84 பேருக்கு 46,200. பணம் வாங்கிய கடைக்காரரின் காகிதங்களும் பொருள் வாங்கிய பிள்ளைகளின் கையொப்பப் பட்டியலும் ஒரே தொகைக்கு வருகின்றன. இவை இரண்டும் வேறு வேறு கைகளிலிருந்து வந்தவை என்பதால், தணிக்கையாளருக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

திருத்திய பதில்

"தங்கள் கடிதத்தின் 7-வது கேள்வி தொடர்பாக:

14.06.2024 அன்று சென்ற ரூ.46,200 (வங்கி அறிக்கை பக்கம் 3, யூடிஆர் எண் ……), ரொக்கப் புத்தகத்தில் வவுச்சர் 41, 44 என இரண்டு பதிவுகளாக, மொத்தம் ரூ.47,400 என்று எழுதப்பட்டுள்ளது. வித்தியாசம் ரூ.1,200. இது திருப்பிக் கொடுத்த 6 பைகளின் விலை.

நோட்டு பில், 05.06.2024: ரூ.29,400 (இணைப்பு 1)
பை பில், 08.06.2024: ரூ.18,000 (இணைப்பு 2)
கழிக்க: கிரெடிட் நோட், 12.06.2024: ரூ.1,200 (இணைப்பு 3)
செலுத்தியது: ரூ.46,200

84 மாணவர்களின் கையொப்பப் பட்டியல் இணைப்பு 4. பணம் பெற்றவர் கடையின் உரிமையாளர். அந்த வங்கிக் கணக்கு எண் இரண்டு பில்களிலும் அச்சிடப்பட்டுள்ளது.

திருப்பிய பைகளுக்கான பதிவு விடுபட்டதால் செலவு ரூ.1,200 கூடுதலாகவும், புத்தகத்தில் வங்கி இருப்பு அதே அளவு குறைவாகவும் உள்ளது. ஆண்டுக் கணக்கு இன்னும் முடிக்கப்படாததால், தங்கள் ஒப்புதலுடன் அதே ஆண்டில் திருத்தப் பதிவு போடுகிறோம்."

இதில் கவனிக்க வேண்டியவை: கேள்வி எண் முதல் வரியிலேயே வந்துவிட்டது. வித்தியாசமும் அதன் காரணமும் அடுத்த வரிகளிலேயே உள்ளன. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்திலேயே இணைப்பு எண் இருக்கிறது. அதே எண்ணை அந்தந்தக் காகிதத்தின் மேல் மூலையிலும் எழுத வேண்டும். யூடிஆர் எண்ணைச் சுருக்காமல் முழுவதுமாக எழுத வேண்டும். வங்கியில் அந்தப் பரிமாற்றத்தைத் தேடிப் பிடிக்க உதவுவது அதுதான். "எல்லாம் முறைப்படி நடந்துள்ளது" என்ற வாக்கியம் போய்விட்டது. அந்த முடிவைச் சொல்ல வேண்டியவர் தணிக்கையாளர்.

கடைசிப் பத்தி மிக முக்கியம். பலர் விளக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தொகை ஏன் பொருந்தவில்லை என்று சொன்னாலும், புத்தகத்தைத் திருத்தாவிட்டால் ரூ.1,200 வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். அடுத்த ஆண்டு வங்கி இருப்பை ஒப்பிடும்போது மறுபடியும் கேள்வி வரும்.

காகிதம் காணாமல் போயிருந்தால்

கிரெடிட் நோட் கையில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். "கடைக்காரர் நமக்குத் தெரிந்தவர்தானே, பழைய தேதி போட்டு ஒன்று வாங்கிவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அதைச் செய்யவே கூடாது. கடைக்காரரின் புத்தகத்தில் அந்த எண்ணில் வேறொரு நோட் இருந்தால், நேர்மையாக நடந்த செலவும் போலியாகத் தெரியும். அதன் பிறகு மற்ற வவுச்சர்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரியான வழி எளிது. கடையில் உள்ள பிரதியை நகலெடுத்து, "நகல்" என்று குறித்து, இன்றைய தேதியில் கடைக்காரரின் கையொப்பமும் முத்திரையும் வாங்க வேண்டும். கடையிலும் இல்லையென்றால், எந்தத் தேதியில் எத்தனை பைகள் திரும்பி வந்தன என்று அவர் இன்றைய தேதியிட்டு ஒரு கடிதம் தரலாம். பதிலில், "அசல் கிடைக்கவில்லை, கடைக்காரரின் கடிதம் இணைப்பு 3" என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். அதை ஏற்பதா, மேலும் கேட்பதா என்பது தணிக்கையாளரின் பொறுப்பு.

அனுப்பும் முன்

பதிலை, இந்தச் செலவைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். இணைப்புகளை மட்டும் பார்த்து அவர் 46,200-க்கு வந்து சேர வேண்டும். எந்த இடத்தில் நின்று உங்களிடம் விளக்கம் கேட்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். அதைச் சேர்த்து, தலைவர் அல்லது செயலாளரின் கையொப்பம் பெற்று, ஒரு நகலை 41, 44-ஆம் வவுச்சர்களோடு கோத்து வையுங்கள். அடுத்து பொறுப்புக்கு வருபவர் யாரையும் கேட்காமலே புரிந்துகொள்வார்.