காப்பி குடித்தால் போதை தெளியுமா?

மது அருந்தியவருக்கு ஒரு குவளை கடுங்காப்பி கொடுத்தால் போதை தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. காப்பி குடித்த சிறிது நேரத்தில் அவர் கண் விழித்து, தெளிவாகப் பேசவும் தொடங்கலாம். ஆனால், அப்போதும் அவருடைய இரத்தத்தில் உள்ள ஆல்கஹாலின் அளவு காப்பியால் சிறிதும் குறைந்திருக்காது. காப்பி தூக்கக் கலக்கத்தைத்தான் குறைக்கிறது, போதையைக் குறைப்பதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமையே ஆபத்துக்கு வழி வகுக்கிறது.

மது உடலைவிட்டு நீங்கும் விதம்

அருந்திய மதுவின் பெரும்பகுதியைக் கல்லீரலில் உள்ள நொதிகளே சிதைக்கின்றன. சிறுநீர், மூச்சு, வியர்வை ஆகியவற்றின் வழியாக வெளியேறுவது மிகச் சிறிய பங்கே. அந்த நொதிகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செயல்படுகின்றன. பெரும்பாலோருக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் ஆல்கஹால் குறைகிறது. சிலருக்கு 10, சிலருக்கு 20 என மாறுபடலாம். காப்பியோ, எலுமிச்சைச் சாறோ, மோரோ, தலையில் ஊற்றும் குளிர்ந்த நீரோ இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. காலம் ஒன்றே மருந்து.

காப்பி மூளையில் செய்வது என்ன?

நாம் விழித்திருக்கும் நேரம் நீள நீள, மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தைத் தூண்டுகிறது. மதுவும் அதன் செயலை மிகுவிக்கிறது. காப்பியில் உள்ள காஃபின், அடினோசின் சென்று பொருந்த வேண்டிய இடங்களை முன்கூட்டியே அடைத்துக்கொள்கிறது. அதனால் உறக்கம் விலகுகிறது. குடித்த முக்கால் மணி நேர அளவில் இவ்விளைவு உச்சத்தை அடைகிறது.

ஆனால், மது தாக்குவது அடினோசின் வழியை மட்டுமன்று. நரம்புகளை அமைதிப்படுத்தும் வேறு வழிகளையும் அது வலுப்படுத்துகிறது. நடை தள்ளாடுவதும், தூரத்தையும் வேகத்தையும் தவறாகக் கணிப்பதும், துணிச்சல் மிகுவதும் அவற்றின் விளைவுகளே. காஃபின் அவற்றைச் சரிசெய்வதில்லை. எதிர்வினையின் வேகம் ஓரளவு மீளலாம். எனினும் மது அருந்தாத நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே, காப்பிக்குப் பின் நாம் காண்பது விழிப்புடன் இருக்கும் போதையாளரையே. தாம் தெளிந்துவிட்டதாக அவரே நம்புவதால், மேலும் அருந்தவும் வாகனத்தை எடுக்கவும் துணிகிறார்.

ஒரு கணக்கு

எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண், இரவு 8 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லிலிட்டர் பிராந்தி அருந்துகிறார் எனக் கொள்வோம். அதில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் உள்ளது. பத்து மணியளவில் அவருடைய 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 95 மில்லிகிராம் இருக்கும்.

அப்போது காப்பி குடிக்கிறார். 11 மணிக்கு உறக்கம் கலைந்து உற்சாகமாக உணர்கிறார். ஆனால், இரத்தத்தில் இன்னும் சுமார் 80 மில்லிகிராம் உள்ளது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வகுத்துள்ள வரம்பு 30 மில்லிகிராம். அந்த அளவுக்கு இறங்க அதிகாலை 2.30 மணி ஆகலாம். முற்றிலும் நீங்க 4.30 மணியைத் தாண்டலாம். எடை குறைந்தோருக்கும், பொதுவாகப் பெண்களுக்கும், அதே அளவு மது கூடுதல் அளவைக் காட்டும். இக்கணக்கு தோராயமானதே, வாகனம் ஓட்டலாமா என முடிவு செய்ய இதைப் பயன்படுத்தக் கூடாது.

வீட்டில் இருப்போர் செய்ய வேண்டியவை

அரைமயக்கத்தில் இருப்பவருக்குக் காப்பியோ வேறு எதுவோ வாயில் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் செல்லக்கூடும். வாந்தி எடுக்கச் செய்யவும் வேண்டாம். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலேயே ஒருவர் இருங்கள். கடைசியாக அருந்திய மது இரைப்பையிலிருந்து இரத்தத்தில் கலந்துகொண்டே இருப்பதால், உறங்கிய பிறகும் நிலைமை மோசமாகலாம்.

தட்டி எழுப்பியும் விழிக்காமை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, உதடு நீலமாதல், உடல் சில்லிடுதல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலும் தாமதிக்க வேண்டாம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர் எனில், போதை போலத் தோன்றுவது இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததாகவும் இருக்கலாம். சர்க்கரைமானி இருப்பின் உடனே சோதியுங்கள். அதை மருத்துவக் குழுவினரிடமும் மறவாமல் தெரிவியுங்கள்.