ஒரே பாய், பல நிறம், பல அளவு

பத்தமடைப் பாயை இணையத்தில் விற்கும்போது, எதை ஒரே பக்கத்தில் சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நெசவும் கோரையின் நயமும் ஒன்றாக இருந்து, நிறமும் அளவும் மட்டும் மாறினால் ஒரே பக்கம் போதும். மெல்லிய கோரையில் நெய்த பட்டுப் பாய்க்குத் தனிப் பக்கம் வேண்டும். அதைச் சாதாரணப் பாயோடு சேர்த்தால், விலை ஏன் இவ்வளவு எகிறுகிறது என்று வாங்குபவர் குழம்பிப்போவார்.

உதாரணமாக, சிவப்புக் கரை, பச்சைக் கரை, சாயமிடாத கோரை என 3 நிறம். 6×3, 6×4 அடி என 2 அளவு. மொத்தம் 6 சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி இருப்பு, PAI-RED-6X3 போல ஒரு குறியீடு கொடுங்கள். பச்சையில் 6×4 நெய்யவே இல்லையென்றால் அந்தச் சேர்க்கையை நீக்கிவிடுங்கள். நெய்தது தீர்ந்துபோயிருந்தால் மட்டும் 'இருப்பு இல்லை' என்று காட்டுங்கள்.

அதிகத் தகராறு வருவது படத்தில்தான். பச்சையைத் தொட்டால் பச்சைப் பாயே திரையில் வர வேண்டும். முதல் படத்தில் 6×4 பாயை விரித்துவிட்டு 6×3-இன் விலையைப் போட்டால், பொருள் திரும்பி வரும். 'சிறியது, பெரியது' என்று எழுதாமல் 6×3 அடி (183×91 செ.மீ.) என்றே எழுதுங்கள், ஒரு படத்தில் ஆள் படுத்திருக்கட்டும். சாயம் முக்குந்தோறும் நிறம் கொஞ்சம் மாறும் என்பதால், புதுச் சரக்கு வந்ததும் பழைய படத்தோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, வித்தியாசம் தெரிந்தால் படத்தை மாற்றிவிடுங்கள்.